முகம் ஒரு பக்கம் கோணி, கண் மூடாமல் போனால்: பக்கவாதமா, முக நரம்பு வீக்கமா?

கேள்வி:

"என் அக்காவுக்கு வயது 47. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. ஆறு நாளைக்கு முன்னால் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் வாயோரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தது. வலது கண்ணை மூட முடியவில்லை. முந்தின நாள் முழுக்க வலது காதுக்குப் பின்னால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனோம். சி.டி. ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லை என்றார்கள். பக்கவாதம் இல்லை, முக நரம்பில் வீக்கம் என்று சொல்லி, பிரெட்னிசோலோன் மாத்திரை தினம் 50 மி.கி. வீதம் பத்து நாளைக்குக் கொடுத்தார்கள். இப்போது சர்க்கரை 290 காட்டுகிறது. முகம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு நாளாக வலது கண் சிவந்து உறுத்துகிறது. ஆரம்பத்தில் ஸ்ட்ரோக் ஸ்கேனில் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆகவேண்டும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா? மறுபடி ஸ்கேன் எடுக்கலாமா?"

பதில்:

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் வரவேண்டியது அந்தச் சிவந்த கண். இதைப் படித்ததும் அக்காவைக் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். மூடாத கண் இரண்டு நாளாகச் சிவந்து உறுத்துகிறது என்றால், கருவிழியின் மேல்படலம் காய்ந்து சிராய்த்திருக்க வாய்ப்பு அதிகம். கண் மருத்துவர் ஒரு சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் பார்ப்பார். படலம் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். அந்த நிலையில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் சில நாளில் ஆறிவிடும். விட்டுவிட்டால் அந்தப் புண்ணில் கிருமி சேரும், ஆறினாலும் தழும்பு விழும், தழும்பு கருவிழியின் நடுவில் விழுந்தால் பார்வை குறையும். சர்க்கரை அதிகமாக இருக்கும்போது, அதுவும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போய்க்கொண்டிருக்கும்போது, கிருமி தொற்றுவது இன்னும் சுலபம். இந்த நோயில் முகம் பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். ஆனால் கண்ணில் நிரந்தரமான இழப்பு வந்துவிடலாம். எல்லோரும் கோணிய வாயையே பார்த்துக்கொண்டிருப்பதில் கண் கவனிக்கப்படாமல் போகிறது.

சரி, இப்போது பக்கவாதக் கேள்விக்கு வருவோம். உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. மூளை ரத்தக் குழாயில் அடைப்பு வந்து முதல் சில மணி நேரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தால், அது ஒன்றும் இல்லாதது போலவே தெரியலாம். அவசரத்தில் அந்த ஸ்கேன் எடுப்பதற்கு முக்கியக் காரணம் மூளைக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. அதனால் ‘சி.டி.யில் ஒன்றும் இல்லை, ஆகவே பக்கவாதம் இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அந்த வாதம் நிற்காது. ஆனால் அக்காவைப் பார்த்த மருத்துவர் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு சொல்லியிருக்க மாட்டார். பக்கவாதம் இல்லை என்பதை அவருக்குச் சொன்னது அக்காவின் நெற்றி.

இதை நீங்களே பார்க்கலாம். அக்காவைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, வியப்பது போல இரண்டு புருவத்தையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். இடது நெற்றியில் கோடுகள் விழும். வலது நெற்றி வழவழவென்று அசையாமல் இருக்கும், வலது புருவம் தொங்கும். அப்புறம் இரண்டு கண்ணையும் இறுக மூடச் சொல்லுங்கள். வலது கண் பாதியில் நின்றுவிடும். விழி மட்டும் மேலே உருண்டு வெள்ளை தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்ணை மூட முயலும்போது பெரும்பாலானவர்களுக்கு விழி மேலே போகத்தான் செய்கிறது, இமை மறைத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. இந்த அசைவு கருவிழியை மேல் இமைக்குள் ஒளித்துக் காப்பாற்றவும் செய்கிறது. கடைசியாகப் பல்லைக் காட்டச் சொல்லுங்கள். வாய் இடப்பக்கம் இழுக்கும். இழுக்கும் பக்கம்தான் கெட்டுப்போன பக்கம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இழுப்பது நல்ல பக்கத்துத் தசை. வலப்பக்கம் பலம் இழந்ததால் எதிர்த்து இழுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நெற்றிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? முகத்தை அசைக்கும் நரம்பு, பக்கத்துக்கு ஒன்றாக, மூளைத்தண்டில் இருந்து கிளம்பி, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு வழியாக வந்து, முகத்தின் அந்தப் பாதி முழுவதற்கும் கிளை விடுகிறது. நெற்றி, கண், கன்னம், உதடு எல்லாம் அதே நரம்பின் பொறுப்பு. அந்த நரம்புக்கு ஆணை கொடுப்பது மேலே இருக்கும் பெருமூளை. இங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. முகத்தின் கீழ்ப்பாதிக்கான ஆணை பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளையில் இருந்து மட்டும் வருகிறது. நெற்றிக்கும் கண்ணை மூடும் தசைக்கும் இரண்டு பக்க மூளையில் இருந்தும் வருகிறது. ஆகவே பெருமூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம் வந்தால் வலப்பக்க வாய் கோணும். ஆனால் வலது நெற்றி சுருங்கும், வலது கண்ணும் மூடும், ஏனென்றால் மூளையின் வலப்பக்கம் அந்த வேலையைச் செய்துகொடுக்கிறது. நரம்பே கெட்டுப்போனால் கதை வேறு. மூளை எத்தனை பக்கத்தில் இருந்து ஆணை அனுப்பினாலும் அது போய்ச் சேரும் வழி அடைபட்டிருக்கும். அதனால் நெற்றியில் இருந்து தாடை வரை அந்தப் பாதி முகம் மொத்தமாகத் தொய்ந்துவிடும்.

மூடாத கண்ணைப் பார்த்து ‘இவ்வளவு மோசமாக இருக்கிறதே, நிச்சயம் மூளையில்தான் ஏதோ’ என்று குடும்பத்தினர் பயப்படுவது இயல்பு. பார்வைக்கு இதுதான் கோரமாகத் தெரியும். ஆனால் கண்ணும் நெற்றியும் சேர்ந்து செயல் இழந்திருப்பது நரம்பின் பக்கம் கைகாட்டும் அடையாளம்.

இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். மூளைத்தண்டில், முக நரம்பு கிளம்பும் இடத்திலேயே பக்கவாதம் வந்தால் அங்கும் நெற்றி உட்பட முழுப் பாதி முகமும் தொய்யும். ஆனால் மூளைத்தண்டு மிகவும் நெரிசலான இடம். முக நரம்பின் வேரைத் தொட்டுச் சுற்றியே விழியை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பின் வேர், கை கால்களுக்குப் போகும் பாதை, உடலின் உணர்ச்சிப் பாதை எல்லாம் இருக்கின்றன. அதனால் அங்கே வரும் பாதிப்பு முகத்தோடு நிற்பது அபூர்வம். பார்வை இரண்டாகத் தெரியும், அல்லது எதிர்ப்பக்கக் கை கால் பலவீனமாகும், மரத்துப்போகும், அல்லது நடையில் தள்ளாட்டம், தலைசுற்றல் என்று ஏதாவது ஒன்று கூடவே வரும். அவசரப் பிரிவில் மருத்துவர் அக்காவின் கைகளை நீட்டச் சொல்லியிருப்பார், விரலைப் பின்தொடர்ந்து விழியை ஓடவிடச் சொல்லியிருப்பார், நடந்து காட்டச் சொல்லியிருப்பார். அந்தச் சோதனைகள் இதற்காகத்தான்.

நெற்றிக்கு அடுத்தபடியாக என் மனதில் எடை பெறுவது, நோய் வந்த வேகமும் கூடவே வந்தவையும். பக்கவாதம் நொடிகளில், நிமிடங்களில் முழு வேகத்தில் வந்துவிடும். நரம்பு வீக்கம் சில மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாள் வரை கூடிக்கொண்டு போகும். முதல் நாள் கண் பாதி மூடியது, மறுநாள் மூடவே இல்லை என்று பலர் சொல்வார்கள். மாத்திரை தொடங்கிய பிறகும் ஒரு நாள் கூடலாம். அது நோயின் போக்கு, மருந்து கெடுத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அக்காவுக்கு முந்தின நாளே காதுக்குப் பின்னால் வலித்தது இந்த நோயில் மிகவும் வழக்கமானது. நரம்பு எலும்பைக் கடந்து வெளியே வரும் இடம் அதுதான்.

இன்னும் இரண்டு விஷயம் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பக்கக் காதில் பாத்திரச் சத்தம், கதவு அடிக்கும் சத்தம் எல்லாம் அளவுக்கு மீறிக் கூர்மையாகக் கேட்கிறதா? நடுக்காதில் சத்தத்தைத் தணிக்கும் ஒரு குட்டித் தசை உண்டு, அதை இயக்குவதும் இந்த நரம்பின் கிளைதான். நாக்கின் முன்பக்கத்தில் அந்தப் பாதியில் ருசி மட்டுப்பட்டிருக்கிறதா? ருசியைச் சுமந்து வருவதும் இதே நரம்போடு ஓடும் இழைகள்தான். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், கோளாறு காதுக்குள் ஓடும் நரம்பில் என்பது இன்னும் உறுதிப்படும். ‘இல்லை’ என்றாலும் கவலை இல்லை, எல்லோருக்கும் இவை வருவதில்லை. கன்னம் மரத்த மாதிரி இருக்கிறது என்றும் பலர் சொல்வார்கள். பஞ்சால் தொட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். அசையாத தசை தரும் உணர்வு அது.

பேச்சையும் சொல்லவேண்டும், ஏனென்றால் குழறல் இரண்டு நோயிலும் வரும். உதடு ஒட்டாததால் அக்காவுக்கு ‘ப’, ‘ம’ வரும் சொற்களில் காற்று கசியும். விரலால் வலது உதட்டோரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசச் சொன்னால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். பக்கவாதத்தில் சொல்லே தேடவேண்டிவரும், அல்லது சொன்னது புரியாது, அல்லது நாக்கே புரளாது. உதட்டைப் பிடித்தால் அது சரியாகாது.

நடந்து முடிந்து, மருத்துவர் பார்த்துவிட்ட ஒருவரின் விஷயம் என்பதால்தான் இவ்வளவும் விளக்கினேன். இன்றைக்கு வேறு ஒருவருக்கு வீட்டில் திடீரென்று முகம் கோணினால், கண்ணாடி முன்னால் உட்காரவைத்து நெற்றியைச் சோதித்துக்கொண்டிருக்கக் கூடாது. நீங்கள் செய்ததுதான் சரி. நெற்றியில் இயல்பாகவே சுருக்கம் குறைவாக இருப்பவர்கள் உண்டு, நரம்பு வீக்கம் லேசாக இருந்து நெற்றி ஓரளவு அசைபவர்களும் உண்டு. பழகாத கண் ஏமாந்துபோகும். பக்கவாதமாக இருந்தால் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சர்க்கரை நோய் பக்கவாதத்துக்கும் முக நரம்பு வாதத்துக்கும் இரண்டுக்குமே வாய்ப்பைக் கூட்டும் என்பதால், அக்காவைப் போன்றவர்களுக்கு வீட்டில் வைத்துத் தீர்மானிப்பது இன்னும் ஆபத்து. இனிமேலும் அக்காவுக்குக் கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், சொல் தடுமாற்றம், இதுவரை இல்லாத கடும் தலைவலி இவற்றில் எது வந்தாலும், ‘ஏற்கெனவே முக நரம்பு என்றார்களே’ என்று இருந்துவிடாமல் அவசரப் பிரிவுக்கே போங்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றிய என் பதில்: நீங்கள் எழுதியிருக்கும் படம் அப்படியே இருந்து, முகத்தைத் தவிர வேறு எங்கும் குறை இல்லை என்றால், இப்போது தேவையில்லை. வழக்கமான முக நரம்பு வாதத்துக்கு ஸ்கேன் எடுப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை. எப்போது தேவைப்படும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்கேனைவிட ஒரு டார்ச் விளக்கு இன்று உங்களுக்கு அதிகம் உதவும். அக்காவின் வலது காது மடல், காது துவாரம், காதைச் சுற்றிய தோல், வாய்க்குள் மேலண்ணம் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிறுசிறு நீர்க்கொப்புளமோ பொருக்கோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சின்னம்மை வைரஸ் உடம்புக்குள் பல வருடம் தூங்கிக் கிடந்து முக நரம்பில் விழித்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. 1907ல் அதை விவரித்தவர் பெயரால் ராம்சே ஹன்ட் நோய் என்பார்கள். அதில் வலி மிகக் கடுமையாக இருக்கும். காது மந்தமாவது, உலகமே சுற்றுவது போன்ற தலைசுற்றல் ஆகியவையும் சேரலாம். முகம் திரும்புவதும் சாதாரண முக நரம்பு வாதத்தைவிடக் கடினம். அதற்கு ஸ்டீராய்டோடு வைரஸ் எதிர்ப்பு மருந்தும் முழு அளவில் சீக்கிரமே தரவேண்டும். கொப்புளம் சில சமயம் முகம் கோணிய சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால், முதல் நாள் பார்த்த மருத்துவர் கண்ணில் படாமல் இருந்திருக்கலாம்.

கொப்புளம் எதுவும் இல்லை என்றால், இது பெரும்பாலும் ‘பெல்ஸ் பால்சி’ என்று அழைக்கப்படும் முகவாதம்தான். சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முக நரம்பைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பீஸ் வைரஸ் மறுபடி தலைதூக்குவதுதான் காரணம் என்ற சந்தேகம் வலுவாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நோயாளியிடமும் அதை நிரூபிக்க முடிவதில்லை. என்ன நடக்கிறது என்பதில் குழப்பம் இல்லை. முக நரம்பு காது எலும்புக்குள் சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் ஒன்றில் ஓடுகிறது. அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. விரல் வீங்கினால் மோதிரம் இறுக்குவது போல, வீங்கிய நரம்பை அந்த எலும்பு நெரிக்கிறது. நெரிபட்ட நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, அதனால் வீக்கம் இன்னும் கூடுகிறது.

அந்த வீக்கத்தை வடியவைப்பதுதான் பிரெட்னிசோலோன் மாத்திரையின் வேலை. முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் பலன் தெளிவாகக் கிடைக்கிறது. அக்காவுக்கு முதல் நாளே தொடங்கிவிட்டார்கள், அது பெரிய அதிர்ஷ்டம். ஸ்காட்லாந்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2007ல் வெளியான ஆய்வில் இதே அளவுதான் கொடுத்தார்கள், தினம் 50 மி.கி. பத்து நாள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 94 பேருக்கு முகம் முழுதாகத் திரும்பியிருந்தது. சாப்பிடாதவர்களில் சுமார் 82 பேருக்கு. வைரஸ் எதிர்ப்பு மருந்து தனியாகக் கொடுத்து எந்தப் பலனும் தெரியவில்லை. ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுப்பதில் சிறிய லாபம் இருக்கலாம் என்று சில மருத்துவர்கள் முதல் மூன்று நாளில் சேர்ப்பார்கள். அக்காவுக்குக் கொடுக்கவில்லை என்பதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம்.

ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டுமா, சர்க்கரை மருந்தைக் கூட்ட வேண்டுமா என்பதை அவருக்குச் சர்க்கரை மருந்து தரும் மருத்துவர் இன்றே முடிவு செய்யட்டும். 290 என்பது அலட்சியம் செய்யக்கூடிய எண் அல்ல, ஆனால் இன்னும் நாலு நாள் மாத்திரைதான் பாக்கி. பெரும்பாலும் அந்த நாலு நாளைக்குச் சர்க்கரை மருந்தை மாற்றி, தேவைப்பட்டால் இன்சுலின் சேர்த்துச் சமாளித்துவிடலாம். காலையில் பிரெட்னிசோலோன் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும். காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டால் ஏமாந்துவிடுவீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் சாயங்காலமும் பார்த்து எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை தொடர்ந்து 300க்கு மேல் நின்றாலோ, அடங்காத தாகம், வாந்தி, அசதி, மயக்கநிலை வந்தாலோ மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

இதில் பலர் மறந்துவிடுவது அடுத்த கட்டம். பத்து நாள் முடிந்து பிரெட்னிசோலோன் நின்றதும் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். கூட்டிவைத்த சர்க்கரை மருந்தைக் குறைக்காமல் விட்டால் தாழ்சர்க்கரையில் போய் நிற்கும். எப்போது, எவ்வளவு குறைப்பது என்று கூட்டும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முகம் இன்னும் சரியாகவில்லையே என்று பத்து நாளுக்கு மேல் மாத்திரையை நீங்களாக நீட்டிக்கவும் கூடாது.

இப்போது மறுபடி கண்ணுக்கு. மூடாத கண்ணைப் பராமரிக்கும் முறையை மாத்திரைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல இடங்களில் அது நடப்பதில்லை. பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விடவேண்டும். அவ்வளவு அடிக்கடி விடும்போது பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத சொட்டு மருந்தாக இருப்பது நல்லது. கடையில் அப்படியே கேளுங்கள். ‘கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டுதானே இருக்கிறது, எதற்குச் சொட்டு?’ என்று அக்கா கேட்கலாம். கீழ் இமை தொய்ந்ததால் கண்ணீர் மூக்குக்குள் வடியாமல் கன்னத்தில் வழிகிறது. இமை சிமிட்டினால்தான் கண்ணீர் கருவிழி மேல் பரவும். வழிகிற கண்ணும் நடுவில் காய்ந்துதான் கிடக்கும். சிமிட்ட முடியாததால், நினைவு வரும்போதெல்லாம் விரலின் பின்புறத்தால் மேல் இமையை மெதுவாகக் கீழே இறக்கி மூடிவிடச் சொல்லுங்கள். வெளியே போகும்போது பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் அடிக்காமல் படுக்கையை மாற்றிப் போடுங்கள்.

இரவுதான் அதிக ஆபத்து. தூங்கப் போகும்போது கண்ணுக்கான மசகுக் களிம்பை, கடுகு அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக, கீழ் இமைக்குள் விடுங்கள். பார்வை மங்கும், அது களிம்பால்தான். பிறகு இமையை விரலால் முழுதாக மூடி, மூடிய நிலையிலேயே தோலுக்கு உகந்த மெல்லிய காகித டேப்பை மேல் இமையில் இருந்து கன்ன எலும்பு வரை ஒட்டுங்கள். ஒட்டியபின் ஒருமுறை கீழே இருந்து வெளிச்சம் காட்டிப் பாருங்கள். இமைகளுக்கு இடையில் கோடு போல வெள்ளை தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டவேண்டும். இமை முடி உள்ளே மடிந்திருக்கக் கூடாது. பஞ்சையோ துணியையோ கண்மேல் வைத்துக் கட்டுவது தவறு. அடியில் கண் திறந்துகொண்டால் துணியே கருவிழியை இரவு முழுதும் தேய்த்துக்கொண்டிருக்கும். முதல் சில நாள் இதை அக்கா தனியாகச் செய்வது கடினம், நீங்களோ வேறு யாரோ ஒட்டிவிடுங்கள். கண் மருத்துவர் இன்று பார்த்துப் புண் இருக்கிறது என்று வேறு மருந்து கொடுத்தால் அவர் சொல்வதே முன்னால் நிற்கும். வலி கூடுவது, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, பார்வை மங்கிக்கொண்டே போவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிவது இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மறுபடி காட்டவேண்டும்.

முகம் எப்போது திரும்பும்? ஆறாம் நாளில் அசைவு இல்லாமல் இருப்பது எதையும் சொல்லாது. மருந்தே கொடுக்காமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பல வருடம் கவனித்த டென்மார்க் ஆய்வு ஒன்று உண்டு. அதில் நூற்றுக்கு 85 பேருக்கு முதல் மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஓர் அசைவு தெரியத் தொடங்கியது. மீதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் ஆனது. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கே நன்றாகத் திரும்பியது. ஆகவே மூன்றாவது வாரக் கடைசியில் அக்காவின் முகத்தைப் பார்ப்பதுதான் அர்த்தமுள்ளது. வாரத்துக்கு ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், புருவம் தூக்கி, கண் மூடி, பல் காட்டி ஒரு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும். மருத்துவருக்கும் உதவும்.

அதுவரை முகத்துக்கு என்ன செய்யலாம் என்றால், மென்மையாகத் தடவிவிடுவது போதும். பலமாக முகத்தைச் சுளித்துப் பயிற்சி செய்வதும், மின்சாரம் வைத்துத் தசையைத் துடிக்கவைப்பதும் சீக்கிரம் குணமாக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நான் மின் சிகிச்சைக்கு அனுப்புவதில்லை. நரம்பு இழைகள் திரும்ப வளரும்போது சில சமயம் வழி மாறி வேறு தசைக்குப் போய்விடும், சிரித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். அப்படி ஆகிற முகத்தில் எல்லாத் தசையையும் ஒரேயடியாகத் துடிக்கவைப்பது அந்தப் பின்னலைக் கூட்டிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு. அசைவு திரும்பத் தொடங்கிய பிறகு, முகத்துக்கான பிசியோதெரபி தெரிந்தவரிடம், கண்ணாடி முன்னால் மெதுவாக, ஒவ்வொரு தசையாகப் பழகுவது பலன் தரும். சூயிங்கம் மெல்லச் சொல்பவர்கள் உண்டு. மெல்லும் தசைக்கு வேறு நரம்பு, அதனால் முகம் திரும்பாது. சாப்பிடும்போது வலது கன்னத்துக்குள் உணவு தங்கிவிடும், சாப்பிட்டு முடித்ததும் விரலால் வழித்து வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றிப் பாக்கி வைத்தது இதுதான். மூன்று வாரம் தாண்டியும் பலவீனம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால், மூன்று மாதம் ஆகியும் ஓர் அசைவுகூடத் திரும்பாவிட்டால், காதுக்குக் கீழே தாடையோரம் கட்டி தட்டுப்பட்டால், காதில் சீழ் வந்தால், மறுபக்க முகமும் தொய்ந்தால், பின்னாளில் இதே பக்கம் மறுபடி வந்தால், அது சாதாரண முகவாதம் என்று விட்டுவிடக் கூடாது. நரம்பின் பாதையில் கட்டியோ வேறு நோயோ இருக்கிறதா என்று அப்போது ஸ்கேன் எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுக்கும்போது தலையோடு நிறுத்தாமல், காது எலும்பில் இருந்து உமிழ்நீர்ச் சுரப்பி வரை முக நரம்பின் முழுப் பாதையும் பார்க்கும்படி கேளுங்கள்.